ஒரே பச்சை வாஷிங்டன், மூன்று எண்கள்: ஒரு அஞ்சல்தலையை அடையாளம் கண்ட கதை

அக்கா மகள் அஞ்சல்தலை சேகரிக்கத் தொடங்கி நாலைந்து மாதம்தான் ஆகிறது. பழைய அமெரிக்கத் தலைகள் கொஞ்சம் ஒரு கவரில் கிடைத்திருக்கின்றன. அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பச்சை நிறம், ஒரு சென்ட், இடப்பக்கம் பார்க்கும் வாஷிங்டன் தலை, கீழே இரண்டு மூலையிலும் 1 என்ற எண், மேலே முத்திரையின் அலைக்கோடுகள்.

"மாமா, படத்தைப் பார்த்து கேட்டலாக்ல தேடினா இதே படம் பத்துத் தடவைக்கு மேல வருது. எல்லாம் பச்சை, எல்லாம் ஒரு சென்ட். நான் எதைன்னு எழுதுறது?"

நல்ல கேள்வி. இந்தப் படம் 1912-இல் வந்தது, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். படம் மாறவில்லை, ஆனால் காகிதம் மாறியது, துளையிடும் அளவு மாறியது, அச்சு இயந்திரம் மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஸ்காட் கேட்டலாக் தனி எண் கொடுத்திருக்கிறது. அதனால் படத்தைப் பார்த்து இதற்கு எண் சொல்லவே முடியாது. துளை, நீர்க்குறி, அச்சு முறை மூன்றையும் பார்த்தாக வேண்டும். அன்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து செய்ததை, தடுமாறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். இந்தத் தலையில் மூன்று சோதனையும் ஒன்றுக்கொன்று எப்படிக் கை கொடுக்கிறது என்பது நன்றாகத் தெரிந்தது.

முதலில் துளை. துளையளவு 10 என்றால் 2 சென்டிமீட்டர் நீளத்தில் பத்துத் துளை என்று பொருள், அவ்வளவுதான். தலையின் ஒரு பக்கத்தில் மொத்தம் எத்தனை பல் என்று எண்ணுவது அல்ல, புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறார்கள். இவள் அப்படிச் சறுக்கவில்லை, கேஜ் அட்டை வைத்துத்தான் அளந்திருந்தாள். ஆனால் "மேல 10, பக்கவாட்டுல 11" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் வந்தது, ஏனென்றால் மேலே 10, பக்கத்தில் 11 என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. 1920-இல் வந்த 542. எழுதும்போது மேல்-கீழ் அளவு முதலில், பக்கவாட்டு அளவு இரண்டாவது, அதனால் அதை 10 பெருக்கல் 11 என்று சொல்வார்கள். சரி, நீ அளந்ததை எனக்குக் காட்டு என்றேன். தலையை அட்டை மேல் வைத்தாள், பக்க ஓரத்தில் முதல் நான்கு துளைகளைக் கோட்டோடு பொருத்தினாள், பொருந்துவதுபோல் தெரிந்ததும் நிறுத்திவிட்டாள்.

தப்பு அங்கேதான். துளை 10-க்கு ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவுக்கு 2 மில்லிமீட்டர். துளை 11-க்கு ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர். நான்கு துளைகளுக்குள் மூன்று இடைவெளிதான், மொத்த வித்தியாசமே அரை மில்லிமீட்டர். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தால் கண் அதை விழுங்கிவிடும். ஓரம் முழுவதும், அதாவது மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 2 மில்லிமீட்டரைத் தொடும், ஒரு முழுத் துளையே தள்ளி நிற்கும், அப்போது ஏமாற வழியில்லை. மறுபடி அளக்கச் சொன்னேன், இந்த முறை முதல் துளையை அட்டையின் 10-க்கான வரிசையில் சரியாக உட்கார வைத்துவிட்டுக் கடைசித் துளையைப் பார்க்கச் சொன்னேன். பக்கவாட்டிலும் 10 வந்தது. எதிர்ப்பக்கத்தையும் அளந்தோம், அங்கும் 10. நான்கு ஓரமும் துளையிட்டது, நான்கும் 10.

இந்த ஒரு எண்ணிலேயே பாதிப் பட்டியல் போய்விட்டது. 1912-இல் இந்தப் படம் வந்தபோது துளை 12. அது நெருக்கமாக இருந்ததால் தாள்கள் கையாளும்போதே பிரிந்து வந்தன என்று 1914-இல் 10-க்கு இறக்கினார்கள். அது கிழிக்க முடியாத அளவுக்கு இறுகியது என்று 1917-இல் 11-க்கு வந்தார்கள். ஆக, துளை 12 உள்ள 405 போனது, 11 உள்ள 498 போனது, 1918-இல் வந்த ஆஃப்செட் அச்சுத் தலையும் துளை 11 என்பதால் அதுவும் போனது. ஓரத்தில் துளையே இல்லாமல் வெட்டிய நேர் ஓரம் இருந்தால் சுருளாக விற்ற சுருள்தலையா, சிறு புத்தகமாக விற்ற புத்தகத்தலையா, தாளின் விளிம்பில் இருந்ததா என்று வேறு வழியில் போக வேண்டியிருக்கும். இதில் அது இல்லை.

மீதி மூன்று. 1914-இல் வந்த 424: தட்டையான தகட்டில் அச்சிட்டது, நீர்க்குறி உள்ள காகிதம். 1916-இல் வந்த 462: அதே தட்டைத் தகடு, நீர்க்குறி இல்லாத காகிதம். 1921-இல் வந்த 543: வளைந்த தகடு வைத்த ரோட்டரி இயந்திரத்தில் அச்சிட்டது, நீர்க்குறி இல்லை. படமும் துளையும் மூன்றுக்கும் ஒன்றே.

"அப்போ நீர்க்குறி பாத்தா முடிஞ்சிடும்ல?" என்றாள்.

நீர்க்குறி தெரிந்தால் முடிந்துவிடும். தெரியாவிட்டால்தான் சிக்கல், அதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

நீர்க்குறி என்பது காகிதம் செய்யும்போதே, கூழ் ஈரமாக இருக்கும்போது கம்பி வடிவத்தை அழுத்தி உண்டாக்குவது. அழுத்திய இடத்தில் காகிதம் கொஞ்சம் மெலிதாக இருக்கும். 424-இன் காகிதத்தில் யு.எஸ்.பி.எஸ். என்ற எழுத்துகள் ஒற்றைக் கோட்டில் திரும்பத் திரும்ப வரும். எழுத்துகள் பெரியவை, இடைவெளி விட்டு நிற்பவை, தலையோ சிறியது. அதனால் எந்தத் தலையிலும் நான்கு எழுத்தும் முழுதாக விழாது. ஒன்றில் எஸ் எழுத்தின் ஒரு வளைவு, ஒன்றில் பி-யின் கால், இன்னொன்றில் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் துண்டு.

அதனால் பார்க்கிற விதம் முக்கியம். முதலில் தலையின் பின்புறம் சுத்தமாக இருக்க வேண்டும். இவளுடைய தலையில் கவர் காகிதத்தின் ஒரு சிறு துண்டு இன்னும் ஒட்டியிருந்தது, அதை வைத்துக்கொண்டு நீர்க்குறி பார்ப்பது வீண். அறை வெப்பத் தண்ணீரில் ஊறப் போட்டு, துண்டு தானாகக் கழன்றதும் எடுத்து, உறிஞ்சுதாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றி, முழுதாகக் காயும்வரை காத்திருந்தோம். ஈரமாக இருக்கும்போது அளவும் எடுக்கக் கூடாது, காகிதம் நனைந்தால் விரியும்.

காய்ந்த பிறகு கறுப்புத் தட்டில் முகம் கீழாக வைத்து நீர்க்குறித் திரவம் நான்கு சொட்டு விட்டோம். காகிதம் திரவத்தைக் குடித்ததும் கிட்டத்தட்ட ஒளி புகும்படி ஆகும், மெலிந்த இடத்தில் தட்டின் கறுப்பு கூடுதலாகத் தெரியும், நீர்க்குறி அப்படித்தான் கருங்கோடாக எழும்பும். திரவம் விட்ட அந்த நொடி ஒரு வாய்ப்பு, அது ஆவியாகிப் போகும்போது இன்னொரு வாய்ப்பு, ஏனென்றால் எல்லா இடமும் ஒரே வேகத்தில் காயாது. பலர் முதல் நொடியோடு எடுத்துவிடுகிறார்கள், அது அவசரம். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் செய்யுங்கள். இது செதுக்கிய உலோகத் தகட்டிலிருந்து அச்சிட்ட செதுக்கு அச்சுத் தலை, திரவம் அதன் மையை ஒன்றும் செய்யாது. ஃபோட்டோகிராவூர் முறையில் அச்சிட்ட பிற்காலத் தலைகளில் இதே திரவம் மையைக் கரைத்துவிடலாம். அதனால் அச்சு முறை தெரியாத தலையில் யோசிக்காமல் ஊற்றாதீர்கள்.

இவளுடைய தலையில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் முறை விட்டோம், அப்போதும் இல்லை.

"இல்லைனா 462 இல்லாட்டி 543. அப்படித்தானே?"

இல்லை. இங்கே நிதானிக்க வேண்டும். நான் என் ஆல்பத்திலிருந்து நீர்க்குறி தெளிவாகத் தெரியும் ஒரு 424-ஐ எடுத்து அவள் தலைக்குப் பக்கத்தில் அதே தட்டில் வைத்து, இரண்டுக்கும் ஒரே சமயத்தில் திரவம் விட்டேன். என்னுடையதில் எஸ் எழுத்தின் கீழ் வளைவு உடனே எழும்பியது, அவளுடையது சமமான சாம்பல் நிறத்தில் அப்படியே கிடந்தது. இப்படிப் பக்கத்தில் ஒரு தெரிந்த தலையை வைத்துப் பார்த்தால் திரவமும் வெளிச்சமும் என் கண்ணும் சரியாக வேலை செய்கின்றன என்பதாவது உறுதியாகும். ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சம். அவள் தலையின் மேல்பாதியில் முத்திரையின் கறுப்பு மை கனமாக விழுந்திருந்தது, பின்னாலிருந்து பார்த்தாலும் அந்தக் கோடுகள் தெரிந்தன. எழுத்தின் சிறு துண்டு ஒன்று அந்த மைக்கு அடியில் இருந்தால் நமக்குத் தெரியப் போவதில்லை. நீர்க்குறி தெரிந்தால் அது இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

ஆக நீர்க்குறிச் சோதனையின் முடிவில் எங்கள் கையில் இருந்தது ஒரு அரைகுறைப் பதில். 424 இல்லை என்று தோன்றுகிறது, உறுதி இல்லை. அப்புறம் அச்சு முறைக்கு வந்தோம்.

அச்சு முறை என்றதும் நான் முதலில் செய்தது அலுமினியத் தாள் சோதனை. சமையலறையில் இருக்கும் அதே மெல்லிய தாளில் ஒரு துண்டைத் தலையின் முகத்தின் மேல் வைத்து விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்தால், செதுக்கு அச்சில் மை மேடாக நிற்பதால் சட்டக்கோடுகளும் எழுத்தும் தாளில் பதிந்து வரும். ஆஃப்செட்டில் மை மட்டமாக இருப்பதால் ஒன்றும் பதியாது. இந்தத் தலையில் நன்றாகப் பதிந்தது. துளை 10 என்பதாலேயே ஆஃப்செட் ஏற்கெனவே விலகிவிட்டது, இருந்தாலும் அவள் விரலால் ஒருமுறை உணரட்டும் என்று செய்ய வைத்தேன்.

உண்மையான கேள்வி அது இல்லை. தட்டைத் தகடும் செதுக்கு அச்சுதான், ரோட்டரியும் செதுக்கு அச்சுதான். மை, கோடு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பிரிப்பது அளவு மட்டுமே. ரோட்டரிக்கான தகட்டை முதலில் தட்டையாகத்தான் தயார் செய்வார்கள், பிறகு உருளையில் பொருத்துவதற்காக அதை அரைவட்டமாக வளைப்பார்கள். வளைத்ததும் வெளிப்பக்கம் நீள்கிறது, அதில் செதுக்கியிருக்கும் படமும் வளைவின் திசையில் இழுபடுகிறது. படம் எந்தப் பக்கமாகத் தகட்டில் கிடந்ததோ அதைப் பொறுத்து உயரம் கூடும், அல்லது அகலம் கூடும். இரண்டும் ஒரே சமயத்தில் கூடாது. தட்டைத் தகட்டுத் தலையின் படம் 18.5 முதல் 19 மில்லிமீட்டர் அகலம், 22 உயரம். 543-இன் படம் 19 அகலம், 22.5 உயரம். படம் என்றால் வெளிச் சட்டக்கோட்டிலிருந்து எதிர்ச் சட்டக்கோடு வரை, துளையையும் வெள்ளை ஓரத்தையும் சேர்க்காமல்.

அரை மில்லிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலில் இதை அளந்து முடிவு சொல்லவே கூடாது. ஸ்கேலின் கோடே அதில் பாதிப் பருமன் இருக்கும், கண்ணைக் கொஞ்சம் சாய்த்தால் அளவு மாறும். இவள் ஸ்கேல் வைத்து 22.3 என்றாள், அதை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது. அதோடு தட்டைத் தகட்டு அச்சில் காகிதத்தை நனைத்து அச்சிட்டதால், காயும்போது ஒவ்வொரு தாளும் கொஞ்சம் வித்தியாசமாகச் சுருங்கும், 22 என்பதே இம்மி கூடக் குறைய வரும்.

இதற்கு அளக்காமல் ஒப்பிடுவதுதான் வழி. சேதமான ஒரு பழைய தலையை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் அது தட்டைத் தகடு என்று சந்தேகமில்லாமல் தெரிந்ததாக இருக்க வேண்டும். நான் வைத்திருந்தது துளை 12 உள்ள ஒரு வாஷிங்டன், ஒரு மூலை கிழிந்தது, இன்னொரு மூலையில் மடிப்பு. துளை 12 காலத்தில் இந்தப் படத்துக்கு ரோட்டரி இயந்திரமே கிடையாது, அதனால் அது தட்டைத் தகடுதான். கூர்மையான பிளேடால் அதன் துளை ஓரங்களை வெட்டி எடுத்து, சட்டக்கோடு விளிம்பாக வரும்படி செய்து வைத்திருக்கிறேன். கிழிந்த மூலை மேலே இருப்பதால் தொல்லை இல்லை, கீழ்க்கோடும் இரு பக்கமும் முழுதாக இருந்தால் போதும்.

அதை அவள் தலையின் மேல் வைத்தோம். மேல் சட்டக்கோட்டில் கிழியாத பகுதியை இரண்டிலும் சரியாகப் பொருத்தி, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழே போனோம். கீழ் ஓரத்தில், என் வெட்டிய தலையின் விளிம்புக்குக் கீழே, அவள் தலையின் பச்சைச் சட்டக்கோடு முழு நீளத்துக்கும் எட்டிப் பார்த்தது. ஒரு முனையில் மட்டும் இல்லை, இடமிருந்து வலம் ஒரே பருமனில் ஒரு பச்சை நூல். ஒரு முனையில் மட்டும் தெரிந்திருந்தால் நான் சாய்த்து வைத்துவிட்டேன் என்று அர்த்தம், முழு நீளத்துக்கும் சமமாகத் தெரிந்ததால் உயரமே அதிகம். பக்கவாட்டில் வைத்துப் பார்த்தோம், அகலம் ஒன்றை ஒன்று மூடியது.

அவள் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. "மாமா, கோடு வெளிய நிக்குது!" என்று இரண்டு தடவை சொன்னாள்.

உயரம் கூடியிருக்கிறது, அகலம் கூடவில்லை. ரோட்டரி. துளை நான்கு பக்கமும் 10. எண் 543.

இப்போது விட்டுவந்த நீர்க்குறிக் கேள்விக்குத் திரும்பினோம். நீர்க்குறி உள்ள காகிதத்தை 1916-இலேயே நிறுத்திவிட்டார்கள், இந்தப் படத்தை ரோட்டரியில் தாளாக அச்சிட்டதெல்லாம் அதற்குப் பிறகு. நீர்க்குறியோடு ரோட்டரியில் வந்தவை சுருள்தலைகள், அவற்றில் இரண்டு ஓரம் துளையில்லாமல் நேராக இருக்கும். ஆக, நான்கு ஓரமும் துளையுள்ள இந்தத் தலை ரோட்டரி என்று தெரிந்ததுமே, முத்திரை மைக்கு அடியில் ஏதாவது எழுத்து ஒளிந்திருக்குமோ என்ற கவலைக்கு இடமில்லை. நீர்க்குறி தீர்க்காததை அளவு தீர்த்தது. இதனால்தான் துளை 10 உள்ள பச்சைத் தலை கையில் வந்தால் நான் துளைக்கு அடுத்து வெட்டிய தலையைத்தான் எடுக்கிறேன், திரவத்தை அதற்குப் பிறகுதான் திறக்கிறேன். பல கையேடுகள் நீர்க்குறியை முன்னால் வைக்கின்றன, இந்தத் தலையைப் பொறுத்தவரை அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். இதே ரோட்டரி அளவில், துளை நான்கு பக்கமும் 11 என்று 1922-இல் வந்த 544 மிகவும் அரிதானது. துளை 11 உள்ள பச்சைத் தலையைக் கண்டதும் அது அதுதான் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் தட்டைத் தகட்டில் துளை 11 உள்ள 498 எங்கும் கிடைக்கிற தலை, கையில் வருவது அநேகமாக அதுதான். வெட்டிய தலையை மேலே வைத்ததுமே அந்த ஆசை அடங்கிவிடும். ஒருவேளை கோடு வெளியே நின்றாலும் மகிழ்ச்சியை அடக்கிக்கொள்ளுங்கள். 542-இல் மேல்-கீழ் 10, பக்கம் 11, அதாவது இரண்டு ஓரம் ஏற்கெனவே 11-ஆக இருக்கிறது. மற்ற இரண்டு ஓரத்தையும் வெட்டி 11-ஆகத் துளை போட்டுவிட்டால் பார்வைக்கு 544 ஆகிவிடும். அப்படிச் செய்ததில் அந்த இரண்டு ஓரத்திலும் வெள்ளை இடம் குறைந்து தலை சற்றுக் குட்டையாகத் தெரியும், எதிரெதிர் ஓரத் துளை வரிசை ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது, துளைகள் கூர்மையாகவோ ஒழுங்கில்லாமலோ இருக்கும். இந்த அளவு சந்தேகம் வந்தால் நம் வீட்டு மேசையில் அது முடியாது, நிபுணர் குழுவிடம் அனுப்பிச் சான்றிதழ் வாங்கித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவளுடைய 543-க்கு அந்தக் கவலை எதுவும் தேவையில்லை, அது பரவலாகக் கிடைக்கிற தலை, போலி செய்ய யாருக்கும் காரணம் இல்லை. அட்டையில் பென்சிலால் எழுதச் சொன்னேன், எண்ணை மட்டும் இல்லாமல் எப்படிக் கண்டோம் என்பதையும் சேர்த்து: துளை 10, நீர்க்குறி தெரியவில்லை, உயரம் ஒப்பிட்டதில் அதிகம், ரோட்டரி.

அந்தக் கவரில் இன்னும் ஒரு பச்சை வாஷிங்டன் இருந்தது. இந்த முறை நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரம் முழுக்க வைத்து அளந்தாள், நான்கும் 10. வெட்டிய தலையை மேலே வைத்தாள், கீழே ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை, தட்டைத் தகடு. அப்படியானால் 424 அல்லது 462, இதற்கு நீர்க்குறிதான் பதில் சொல்ல வேண்டும். திரவம் விட்டாள், காயும்வரை பார்த்தாள், மறுபடி விட்டாள். வலப்பக்க ஓரத்தில் ஒரு கோடுபோல ஏதோ தெரிந்தது என்றாள், நான் பார்த்தபோது அது காகித மடிப்பாகவும் இருக்கலாம் என்று பட்டது. ஏதோ ஒன்று தெரிவதுபோல் இருந்தாலே நீர்க்குறி இல்லாத எண்ணுக்குத் துணியக் கூடாது என்பது என் வழக்கம். அட்டையில் 424 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள். நல்ல வெயில் நாளில் மறுபடி திரவம் விட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.